விலக்கிய வெங்காயத்தை எப்படித் திரும்பச் சேர்ப்பது? மூன்று வழிகள்

வயிற்றுவலி, உப்புசம், மலப்போக்கு மாற்றம் என்று தொல்லை தரும் ஐ.பி.எஸ் என்ற குடல் கோளாறு உள்ளவர்கள் ஃபாட்மேப் உணவுமுறை என்றாலே விலக்குவதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான இந்த முறையில் அது முதல் கட்டம் மட்டுமே. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலில் நொதித்து வாயுவாகும் சர்க்கரைகளை 2 முதல் 6 வாரம் விலக்க வேண்டும், பிறகு ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும், கடைசியில் தனக்கு ஒத்துவருவதை வைத்து நிரந்தரச் சாப்பாட்டை அமைத்துக்கொள்ள வேண்டும். கோதுமையை விலக்குவதற்கு முன்பே குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது, விலக்கிய பிறகு அதன் முடிவை நம்ப முடியாது.

முதல் வழி, விலக்கியபடியே இருந்துவிடுவது. பெங்களூரில் என் மச்சான் அப்படித்தான், வயிறு அமைதியாக இருக்கிறதே எதற்கு வம்பு என்று எட்டு மாதமாகப் பருப்பும் பாலும் வெங்காயமும் தொடவில்லை. ஆனால் இந்தச் சர்க்கரைகள்தான் குடலின் நல்ல பாக்டீரியாக்களுக்குத் தீனி. கண்டிப்பான விலக்கில் பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல வகை குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இரண்டாவது, ஒரேயடியாகத் திரும்புவது. இதை நான் செய்தேன். நான்கு வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை சின்ன வெங்காய சாம்பார், இரண்டு சப்பாத்தி, ஒரு டம்ளர் காபி. சாயங்காலம் வயிறு தவில் மாதிரி ஆனது. யார் குற்றவாளி? வெங்காயமும் கோதுமையும் ஃப்ரக்டான், பருப்பு கேலக்டான், காபியில் இருந்த பால் லாக்டோஸ், போதாததற்குக் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு. ஒரு வேளைச் சாப்பாட்டில் இந்த மூன்று சர்க்கரை வகையும் சேர்ந்ததால் எதுவும் தெரியவில்லை.

மூன்றாவது வழி, ஒவ்வொன்றாகச் சோதிப்பது. இதற்குப் பொறுமை வேண்டும், ஆனால் என் ஓட்டு இதற்குத்தான். முதல் நாள் கால் கப் பால், மறுநாள் அரை, மூன்றாம் நாள் ஒரு கப். தொந்தரவு வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு அடுத்தது. இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: பால் ஒத்துக்கொண்டாலும் உடனே தினமும் குடிக்கக் கூடாது, எல்லாச் சோதனையும் முடியும்வரை பழைய விலக்குச் சாப்பாடுதான், இல்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த சுமையால் அடுத்து சோதிக்கிற பொருள் மீது பழி விழும். தூக்கமில்லாத வாரத்திலும் வெளிச்சாப்பாட்டு நாளிலும் சோதிக்காதீர்கள்.

எனக்குப் பால் ஒத்துக்கொண்டது, துவரம்பருப்பு ஒரு கரண்டிவரை சரி. வெங்காயம் இரண்டாம் நாளே மாட்டிக்கொண்டது, ஆனால் அதே ஃப்ரக்டான் உள்ள கோதுமையில் ஒரு சப்பாத்தி தாங்கியது. அதனால்தான் இவற்றைத் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்கிறார்கள். பூண்டு மணம் வேண்டுமென்றால் பூண்டை எண்ணெயில் வதக்கி வெளியே எடுத்துவிட்டு, எண்ணெயை மட்டும் சேர்க்கிறேன். ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது, ஆகவே ரசத்தில் இந்த வித்தை பலிக்காது. இப்போது எங்கள் வீட்டு சாம்பாரில் முருங்கைக்காயும் கத்தரிக்காயும்தான், வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைக் கடைசியில் தூவுகிறோம்.