மாதம் ஏழு கிலோ குறைக்கும் மையங்களில் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

"மாதம் ஏழு கிலோ குறையும்" என்று விளம்பரம் செய்த ஓர் எடைக் குறைப்பு மையத்தில் என் அக்கா சேர்ந்தார். பத்து வாரத்தில் 84 கிலோவிலிருந்து 67 கிலோவுக்கு வந்தார். அதே பத்து வாரத்தில் பித்தப்பையில் கல்லும் வந்தது. முந்தைய வருடம் எடுத்த வயிற்று ஸ்கேனில் பித்தப்பை சுத்தமாக இருந்தது.

அங்கே கொடுத்த சாப்பாட்டு முறை இதுதான்: காலையும் இரவும் தண்ணீரில் கலக்கும் பவுடர், மதியம் வேகவைத்த காய். தாளிக்க ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கூடாது. மொத்தம் சுமார் 700 கலோரி. சேரும்போது ரத்தப் பரிசோதனையும் இல்லை, டாக்டரும் இல்லை.

இதில் பித்தப்பைக்கு என்ன ஆகிறது என்பதை அறுவை சிகிச்சை நிபுணர் எங்களுக்கு உட்காரவைத்து விளக்கினார். உடம்பில் சேர்ந்த கொழுப்பு வேகமாகக் கரையும்போது அதிலிருக்கும் கொலஸ்ட்ராலை கல்லீரல் பித்தநீரில் கொண்டுவந்து கொட்டுகிறது. பித்தநீர் கரைத்து வைக்கக்கூடிய அளவைத் தாண்டினால் அது படிகமாகத் தங்கும். சாதாரணமாக நாம் கொழுப்புள்ள உணவைச் சாப்பிட்டதும் பித்தப்பை சுருங்கி உள்ளே இருப்பதைக் குடலுக்குள் தள்ளிவிடும். சாப்பாட்டில் கொழுப்பே இல்லையென்றால் அது சுருங்க வேலையே இல்லை. கெட்டியான பித்தநீர் நாள்கணக்கில் அங்கேயே தேங்கி, படிகங்கள் ஒட்டிக் கல்லாகின்றன. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைந்தால் இந்த ஆபத்து தெளிவாகக் கூடுகிறது. அக்காவுக்கு வாரம் 1.7 கிலோ குறைந்திருந்தது.

எட்டாவது வாரம் ஒரு ராத்திரி மேல்வயிற்றில் வலி வந்தது. வலது விலாவுக்குக் கீழே பிடித்து, வலது தோள்பட்டை வரை ஏறி, இரண்டு மணி நேரம் விடவில்லை. வாந்தியும் இருந்தது. மையத்தில் கேட்டதற்கு, "கழிவு வெளியேறுதும்மா, நல்ல அறிகுறிதான்" என்றார்கள். அப்புறம் ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் கலந்து குடிக்கச் சொன்னார்கள். கல் மலத்தோடு வந்துவிடுமாம். அப்படிக் குடித்த பிறகு மலத்தில் வரும் பச்சை உருண்டைகள் பெரும்பாலும் அந்த எண்ணெயும் சாறும் குடலில் சோப்பு மாதிரி உறைந்தவைதான். கல் இருக்கும் பையை அவ்வளவு எண்ணெய் கொடுத்துச் சுருங்க வைத்தால் கல் குழாயில் போய் அடைக்கலாம். நல்லவேளையாக அக்கா குடிக்கவில்லை, ஸ்கேனுக்குப் போனார். வலி திரும்பத் திரும்ப வந்ததால் லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட வலியோடு காய்ச்சலோ, கண் மஞ்சளாவதோ சேர்ந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

முடி கொட்டுவது மூன்றாம் மாதம் ஆரம்பித்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக, வேர்ப்பக்கம் வெள்ளைக் குமிழோடு வந்தது. உணவும் புரதமும் திடீரென்று குறையும்போது வளரும் நிலையிலிருந்த முடிகள் ஒரேயடியாக ஓய்வு நிலைக்குப் போகின்றன. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் உதிர்கின்றன. அதனால் பலருக்கும் காரணம் பிடிபடுவதில்லை. மையம் இதற்கும் பயோட்டின் மாத்திரையும் சீரமும் விற்றது. பயோட்டின் குறைபாடு இல்லாதவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. அதிக அளவில் எடுத்தால் தைராய்டு பரிசோதனை முடிவையே தப்பாகக் காட்டலாம். தோல் மருத்துவர் முதலில் பார்த்தது ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச் சேமிப்பு. அது மிகக் குறைவாக இருந்தது. இந்த வகை உதிர்வு, காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் ஆறு மாதத்தில் அடங்கும். அக்காவுக்கு இப்போது நெற்றியோரம் சின்ன முடிகள் முளைக்கின்றன.

எடை குறைக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை போதும். தினம் ஒரு வேளையாவது இரண்டு டீஸ்பூன் எண்ணெய் சேர்ந்த உணவு இருக்கட்டும். அது சுமார் 10 கிராம் கொழுப்பு, பித்தப்பை சுருங்க அவ்வளவு வேண்டும். ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு கிராம் அளவில் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. அதனால் பருப்பு, தயிர், மீன், கோழி எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு நிறையும். ஏற்கனவே பித்தக்கல் இருந்தவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள். உடல் பருமன் அறுவை சிகிச்சை மாதிரி வேகமாகக் குறைவது தவிர்க்க முடியாத இடங்களில், கல் வராமல் தடுக்க உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் என்ற மாத்திரையைச் சுமார் ஆறு மாதம் டாக்டர்கள் தருகிறார்கள். ஏழு கிலோ குறைப்பதாகச் சொன்ன மையத்தில் யாருக்கும் அதன் பெயர்கூடத் தெரியவில்லை.

கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டோம், ரசீதின் பின்பக்கத்தைக் காட்டி மறுத்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். இதே மாதிரி ஆனவர்கள் ரசீதையும் பவுடர் டப்பாவையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.