பேசும் ஆப்: டேப் ரிப்பேருக்குப் போய் வந்த பிறகு ஒரு புலம்பல்

பேச்சு வராத பிள்ளைகளுக்கு, படக் கட்டத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைக் குரலில் சொல்லும் ஆப்களில் எதை வாங்கலாம் என்று நண்பர் கேட்டிருந்தார். எத்தனை படம், தமிழ்க் குரல் எப்படி என்பதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் கேட்க வேண்டியது கட்டங்கள் இடம் மாறாமல் இருக்குமா என்பதைத்தான்.

என் மகளுக்கு ஏழு வயது, ஆட்டிசம். பழகிய சொல்லை அழுத்தும்போது அவள் படத்தைப் பார்ப்பதே இல்லை, விரலுக்கே இடம் தெரியும். டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்த டேப் எல்லாம் அழிந்து திரும்பி வந்தது. பேக்கப்பை ஏற்றினால், ஆப்பின் புதிய பதிப்பு கட்டங்களைத் தன் இஷ்டத்துக்கு அடுக்கிவிட்டது. 'போதும்' இருந்த வலது கீழ் மூலையில் 'இன்னும்'. வயிறு நிறைந்த பிள்ளை அந்த மூலையை அழுத்துகிறாள், டேப் 'இன்னும்' என்கிறது, பாட்டி இன்னொரு தோசை போடுகிறார், இவள் தட்டைத் தள்ளிவிட்டு அழுகிறாள். அடம் என்று தோன்றும். ஆனால் குரல் ஒன்று சொல்லி, உடம்பு வேறு சொல்லி, அது ஒவ்வொரு முறையும் அதே கட்டத்தில் நடந்தால் சந்தேகப்பட வேண்டியது கட்டத்தைத்தான். ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்கு நகர்த்தினோம். கம்பெனிக்கு மெயில் போட்டால், புதிய அடுக்கு இன்னும் வசதியாம். யாருக்கு?

புதிதாகத் தொடங்குபவர்கள் 'சின்னக் குழந்தைதானே' என்று எட்டுப் பெரிய கட்டங்களோடு ஆரம்பித்தால், சொல் கூடும்போது எல்லாமே இடம் மாறும். பிள்ளையின் கண்ணுக்கும் விரலுக்கும் முடிகிற அளவு நிறையக் கட்டங்கள் உள்ள அடுக்கையே முதலில் வைத்து, இப்போதைக்கு வேண்டாததை மறைத்து வையுங்கள். பிறகு திறந்துவிட்டால் போதும், மற்றவை நகராது.

டேப் இல்லாத நாட்களில் காப்பாற்றியது அட்டை. ஆப்பின் முதல் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதே அடுக்கில் ஏ4 தாளில் அச்சடித்து, மேட் லேமினேஷன் போட்டது. பளபளப்பான லேமினேஷன் வேண்டாம், டியூப் லைட் அடித்தால் பாதிப் படம் தெரியாது. அட்டைக்குச் சார்ஜ் வேண்டாம், குளிக்கும்போதும் கூட இருக்கும். குரல் கிடையாது என்பதால் பக்கத்து அறையில் இருப்பவரை மட்டும் கூப்பிட முடியாது.

எதிர்பாராத சந்தோஷம் பாட்டிதான். 'நாம் பேசும்போதே நாமும் தொட்டுக் காட்ட வேண்டும், பதிலுக்கு அவசரப்படுத்தக் கூடாது' என்று தெரபிஸ்ட் சொன்னதை வீட்டில் ஒழுங்காகச் செய்வது அவர் ஒருவர்தான். காபி வாயைச் சுட்டால்கூட முதலில் 'சூடு' கட்டத்தைத் தொட்டுவிட்டுத்தான் ஊதுவார். போன வாரம் பாட்டி தலை பின்னிக்கொண்டிருந்தபோது இவள் அட்டையை இழுத்து 'நிறுத்து' என்று தொட்டாள். பாதிப் பின்னலோடு விட்டுவிட்டார்!

சரி, இந்த ஆப்பை வாங்கலாமா? இப்போதிருக்கும் கோபத்தில் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நாங்கள் வேறு ஆப்புக்கு மாறுவோமா என்றால், மாட்டோம். அங்கே 'போதும்' எந்த மூலையில் இருக்குமோ!