4,200 ரூபாய் போச்சு, கியர் ஆயில் டப்பால இருக்கற நம்பரை ஒழுங்கா படிக்காம விட்டதுக்கு

நேத்து நைட்டுல இருந்து வயிறு எரியுது, அதான் இங்க கொட்டிடறேன். வீடு குன்னூர், என் பழைய காருக்கு மேனுவல்ல போட்டிருக்கறது 75W-90, ஜிஎல்-4. கீழ போயிருந்தப்ப ஒரு மல்டிபிராண்ட் ஒர்க்‌ஷாப்புல கியர் ஆயில் மாத்த விட்டேன். ஓனர் டீ எல்லாம் வாங்கிக் குடுத்து, "சார், என்ஜினுக்கே 40 நம்பர் ஊத்தறோம், 90ங்கறது அதுக்கு டபுள் கெட்டி, உங்க வண்டி பழசு, 85W-140 போட்டா சத்தமே இருக்காது"ன்னாரு. பெரிய நம்பர் பெரிய சரக்குன்னு நானும் தலையாட்டிட்டேன். அங்க விழுந்தேன். டப்பாவை கையில வாங்கிப் பாத்துட்டுத்தான் தலையாட்டினேன், அதுதான் இன்னும் கடுப்பு. பில் 4,200.

அடுத்த நாள் காலைல குளிர்ல ரெண்டாவது கியர் விழவே மாட்டேங்குது, அமுக்கிப் போட்டா கர்ருன்னு ஒரு சத்தம். பத்து கிலோமீட்டர் ஓடி சூடானதும் கொஞ்சம் பரவால்ல. போன் பண்ணா "ஓட ஓட செட் ஆயிடும்". ரெண்டாவது தடவை "மலைக் குளிரு சார், நாங்க என்ன பண்றது". மூணாவது தடவை எடுக்கவே இல்ல.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். என்ஜின் ஆயில் நம்பர் ஒரு ஸ்கேல், கியர் ஆயில் நம்பர் வேற ஸ்கேல், ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கவே கூடாது. 100 டிகிரி சூட்டுல என்ஜின் 40 ஆயிலோட கெட்டித்தன்மை 12.5ல இருந்து 16.3 சென்டிஸ்டோக்குக்குள்ள, கியர் 90 ஆயிலோடது 13.5ல இருந்து 18.5க்குள்ள. கிட்டத்தட்ட ஒரே கெட்டிதான், டபுளாம் டபுள்! ஆனா கியர் 140 மட்டும் 24க்கு மேல, அதுதான் நிஜமாவே கெட்டி.

முன்னாடி இருக்கற W நம்பர் குளிருக்கு. கியர் ஆயில்ல 75W-ன்னா மைனஸ் 40 டிகிரி வரைக்கும் ஒரு குறிப்பிட்ட கெட்டிய தாண்டாது, 85W அதே கெட்டிய மைனஸ் 12லயே தொட்டுடும். குன்னூர் அவ்வளவு குளிராதுதான், ஆனா அந்த 85W-140 இங்க காலைல 8 டிகிரியிலயே நாட்டுச்சக்கரைப் பாகு மாதிரி ஆகி கியரைப் புடிச்சு இழுக்குது, சிங்க்ரோ ரிங்கால வேகத்தை சமன் பண்ண முடியாம கியர் கடிக்குது. போதாக்குறைக்கு அந்த டப்பா ஜிஎல்-5, அதுல இருக்கற கந்தக அடிட்டிவ் பித்தளை சிங்க்ரோவுக்கு ஆகாதுன்னு இங்க ஊருல இருக்கற மெக்கானிக் அண்ணன் திட்டினாரு.

அவர்கிட்ட வடிச்சுட்டு 75W-90 ஜிஎல்-4 ஊத்தினேன், இன்னிக்குக் காலைல ரெண்டாவது கியர் சத்தமில்லாம விழுந்துச்சு. அந்த 4,200 தான் தண்டம், இந்த ஆயிலுக்கு வேற தனியா அழுதேன்.

டிப்ஸ் எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப பொறுமை இல்ல. மேனுவல்ல இருக்கற ரெண்டு நம்பரும் டப்பால அப்படியே இருக்கான்னு பாருங்க. ஜிஎல் நம்பரையும் பாருங்க. பில்லுல வெறும் "கியர் ஆயில்"னு எழுதினா விடாதீங்க, என் பில்லுல அப்படித்தான் இருக்கு, இப்ப "நாங்க 140 ஊத்தவே இல்ல"ங்கறான்.