இரும்பு மாத்திரையோடு மலச்சிக்கல்: இசப்கோலா, லாக்டுலோஸா, பழமா?

கர்ப்பமாக இருக்கும்போது வயிறு கட்டிக்கொண்டால் இங்கே கோலாலம்பூரில் நம் பெண்கள் பேசுவது பெரும்பாலும் மூன்று வழிகளைத்தான். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளில் கிடைக்கும் இசப்கோல், கிளினிக்கில் தரும் லாக்டுலோஸ் சிரப், அப்புறம் பழமும் பருப்பும். என் அண்ணி இசப்கோல் பக்கம், நான் பழத்தின் பக்கம். நான்காவதாக விளக்கெண்ணெயைச் சொல்லும் அத்தைமார்கள் உண்டு, அது வேண்டவே வேண்டாம், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கலாம். நிலாவாரையும் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

முதலில் மாத்திரை விஷயம். கர்ப்பத்தில் கூடுகிற புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏற்கெனவே குடலின் தசையைத் தளர்த்தி வைத்திருக்கும், மலம் மெதுவாக நகரும், பெருங்குடல் அதிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அதனால் அது இறுகிப்போகும். இதற்கு மேல் இரும்பு வேறு. 200 மி.கி. ஃபெரஸ் ஃபுமரேட் மாத்திரை ஒன்றில் சுமார் 65 மி.கி. இரும்பு இருக்கிறது, உடம்பு எடுத்துக்கொள்வது அதில் சிறு பங்குதான். மீதி அப்படியே பெருங்குடலுக்கு இறங்கி, அங்குள்ள நுண்ணுயிர்களின் சமநிலையைக் குலைத்து, மலத்தைக் கறுப்பாகவும் கெட்டியாகவும் ஆக்குகிறது.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். லாக்டுலோஸ் குடலில் உறிஞ்சப்படாது, நீரை உள்ளே இழுத்து மலத்தை இளக்கும், கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகக் கொடுப்பதுதான். வேலை செய்ய இரண்டு நாள் வரை ஆகலாம், வயிறு உப்பும். நான் அதிகம் குடித்ததில்லை, அதனால் இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை.

இசப்கோலும் பாதுகாப்பானதுதான். ஒரு தேக்கரண்டியைப் பெரிய கிளாஸ் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, மேலே இன்னொரு கிளாஸ் தண்ணீரும் குடித்தால் நன்றாகவே வேலை செய்யும். தண்ணீர் போதாவிட்டால் உள்ளே கட்டியாகி நிலைமையை இன்னும் மோசமாக்கும். ஆனால் என்னை அதிலிருந்து திருப்பியது கடிகாரம். அந்தக் கூழ் மாத்திரையையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் இரண்டுக்கும் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையோ கால்சியம் மாத்திரையோடு சேரக் கூடாது, பாலோடு கூடாது, தேத்தாரேவோடும் கூடாது. ஆபீஸ் போகிற பெண்ணின் நாளில் இத்தனை இடைவெளிகளை எங்கே கொண்டுபோய் வைப்பது? அண்ணி வீட்டில் இருப்பவர், இரவு படுக்கப் போகும் முன் இசப்கோலை வைத்துக்கொண்டார், அவருக்குச் சரியாகவே போகிறது.

பழத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை, மாத்திரையோடேயே சாப்பிடலாம். கொய்யாவில் 100 கிராமுக்குச் சுமார் 5 கிராம் நார், கூடவே 200 மி.கி.க்கும் மேல் வைட்டமின் சி, அது இரும்பு உள்ளே போகவும் உதவும். காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, வண்டியில் விற்பானே நறுக்கின கொய்யா, அதில் அசாம்பொய் தூள் போடாமல் ஒரு பொட்டலம். தேத்தாரே ஒரு மணி நேரம் கழித்து. மதியம் சோற்றோடு பருப்பும் முருங்கைக்கீரையும், இரவு ஒரு துண்டு பப்பாளி அல்லது இரண்டு பச்சை நிறக் கிவிப் பழம். பப்பாளி என்றதும் அத்தைக்கு முகம் மாறும், ஆனால் ஆகாதது பாலுள்ள காய்ப்பப்பாளி, மஞ்சளாகக் கனிந்து கத்தி தானாக இறங்குகிற பழத்தில் பயமில்லை. கேழ்வரகுக் கூழிலும் கோதுமைத் தவிட்டிலும் நார் நிறைய உண்டு, ஆனால் அவற்றின் ஃபைட்டேட் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், அதனால் மாத்திரை வேளைக்கு அவை வேண்டாம். நாரை ஒரே நாளில் கூட்டாதீர்கள், வயிறு ஊதும். தண்ணீர் எட்டு பத்து கிளாஸாவது போக வேண்டும், ஏர்கோன் அறையில் உட்கார்ந்தால் தாகமே தெரியாது.

இவ்வளவுக்கும் பிறகும் இறுக்கம் போகவில்லையென்றால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், அளவைப் பற்றிக் கேளுங்கள். ஒரு வேளை இரும்பு போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து ஏறக்குறைய ஒரு நாளைக்கு அடுத்த இரும்பை அவ்வளவாக உள்ளே விடாது, அதனால் இரண்டு மாத்திரை போட்டால் இரண்டு பங்கு உள்ளே போகிறது என்றில்லை, குடலுக்கு இறங்குவதுதான் கூடும். சிலருக்கு ஒருநாள் விட்டு ஒருநாளாகவோ வேறு வகை இரும்பாகவோ மாற்றித் தருகிறார்கள். ஹீமோகுளோபின் மிகவும் குறைந்து பிரசவமும் நெருங்கிவிட்டால் அதற்கு இசையமாட்டார்கள், ஊசி வழியாக ஏற்றலாமா என்று பார்ப்பார்கள்.

கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தால் என் பக்கம் கொஞ்சம் பலவீனம்தான். பழத்தை அளந்து சாப்பிட வேண்டியிருக்கும், லாக்டுலோஸிலும் சிறிது சர்க்கரை உண்டு, அங்கே அண்ணியின் இசப்கோல்தான் ஜெயிக்கும். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால், அதற்குப் பயப்பட வேண்டாம். தார் மாதிரி பிசுபிசுத்து நாறினாலோ, சிவப்பாக ரத்தம் கண்டாலோ, வாந்தியோடு வயிற்றுவலி வந்தாலோ அன்றே கிளினிக்குக்குப் போய்விடுங்கள்.