மிஞ்சிய கிரெடிட் எப்போது வருவாயாகிறது: ரோல்ஓவர் திட்டத்தை நீண்ட நாள் ஓட்டிய அனுபவம்

சேவையைப் பயன்படுத்த மாதம் 100 கிரெடிட், விலை 100, மிஞ்சியது அடுத்த ஒரு மாதத்துக்கு மட்டும் செல்லும். கேட்க எளிமையான ரோல்ஓவர் திட்டம்தான். ஆனால் சில மாதங்கள் ஓடிய பிறகுதான், விலைப் பக்கத்தில் பெரும்பாலும் எழுதப்படாத ஒரு விதி கணக்கையே மாற்றுவது தெரியவரும். வாடிக்கையாளர் பயன்படுத்தும்போது பழைய கிரெடிட் முதலில் கழிகிறதா, புதியதா?

முதல் மாதம் ஒருவர் 60 கிரெடிட் பயன்படுத்தினார் என்று வைத்துக்கொள்வோம். ரோல்ஓவர் இல்லாத திட்டமானால் மாதக் கடைசியில் மிச்சம் 40 காலாவதியாகிவிடும். அவருக்கு நாம் தரவேண்டியது ஒன்றுமில்லை என்பதால் 100 முழுவதும் அந்த மாத வருவாய். ரோல்ஓவர் இருந்தால் அப்படி எழுத முடியாது. 60 மட்டும் வருவாய். மீதி 40 இன்னும் செய்துகொடுக்கவேண்டிய சேவை, ஒத்திவைத்த வருவாயாகப் பொறுப்புப் பக்கத்தில் நிற்கும்.

இரண்டாம் மாதம் புதிதாக 100 சேர்கிறது, அவர் 90 பயன்படுத்துகிறார். பழையது முதலில் கழிந்தால் பழைய 40, புதிய 50 என்று போய், 50 அடுத்த மாதத்துக்குச் செல்லும்; வருவாய் 90. புதியது முதலில் கழிந்தால் 90-ம் புதியதிலிருந்தே போகும்; பழைய 40 தொடப்படாமலே மாதக் கடைசியில் காலாவதியாகும், 10 மட்டும் மிஞ்சும்; வருவாய் 130. பயன்பாடு ஒன்றுதான், பணமும் ஒன்றுதான், வருவாயில் மட்டும் 40 வித்தியாசம். அந்த 40 வாடிக்கையாளர் இழந்தது. "போன மாதம் மிச்சம் வைத்தேனே, எங்கே?" என்ற புகார் இங்கிருந்துதான் கிளம்புகிறது, அது நியாயமான புகார். முதலில் காலாவதியாவது முதலில் கழியவேண்டும். வேறு வரிசையை எங்களால் பரிந்துரைக்க முடியாது.

இதற்கு ஒரே ஒரு இருப்பு எண்ணை வைத்திருந்தால் போதாது. ஒவ்வொரு முறை வழங்கிய கிரெடிட்டும் தரவுத்தளத்தில் தனி வரிசையாக, வழங்கிய தேதி, காலாவதித் தேதி, மிச்சம், ஒரு கிரெடிட்டின் மதிப்பு ஆகியவற்றோடு இருக்கவேண்டும். எதை முதலில் கழிப்பது என்பது இப்படி:

```sql
ORDER BY expires_at ASC, granted_at ASC
```

அடுத்தது, காலாவதியாகும் என்று எதிர்பார்க்கும் பங்கு, அதாவது பிரேக்கேஜ். வருவாயைக் கணக்கில் எழுதுவதற்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் 15 சொல்வது இதுதான்: பயன்படாமல் போகும் பங்கை நம்பகமாகக் கணிக்க முடிந்தால், காலாவதி வரை காத்திராமல், பயன்பாட்டின் விகிதத்திலேயே அதை வருவாயில் சேர்க்கவேண்டும். கணிக்க முடியாவிட்டால், மீதியை வாடிக்கையாளர் பயன்படுத்தும் வாய்ப்பு மிக அரிது என்று ஆகும்வரை தொடக்கூடாது.

ஓராண்டுத் தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 1,200 கிரெடிட், விலை 1,200. இதேபோன்ற தொகுப்புகளில் 960 தான் பயன்படும் என்று பழைய தரவு காட்டுகிறது. அப்படியானால் பயன்படும் ஒவ்வொரு கிரெடிட்டும் 1.25 வருவாய். ஆறு மாதத்தில் 480 பயன்பட்டால் 600. அந்தச் சமயத்தில், காலாவதிக்கு முன் நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்பத் தொடங்குகிறோம். கடைசி வாரப் பயன்பாடு கூடும் என்பதால் கணிப்பை 1,080 ஆக உயர்த்துகிறோம். இதுவரை வரவேண்டியது 480-ஐ 1,080-ஆல் வகுத்து 1,200-ஆல் பெருக்கினால், ஏறக்குறைய 533. ஏற்கெனவே எழுதிய 600-லிருந்து 67 குறையவேண்டும், அதுவும் கணிப்பு மாறிய அந்த மாதத்திலேயே. மின்னஞ்சல் அனுப்பும் குழு இதைக் கணக்குக் குழுவிடம் முன்கூட்டிச் சொல்லாவிட்டால், வருவாய் ஏன் இறங்கியது என்று மாதக் கடைசியில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

புதிய திட்டத்துக்குப் பழைய தரவு இருக்காது. அதனால் முதல் தொகுப்புகள் காலாவதியாகி முடியும்வரை பிரேக்கேஜைப் பூஜ்யமாக வைப்பதே பாதுகாப்பு. காலாவதி மாதத்தில் வருவாய் எகிறுவது கண்ணுக்கு உறுத்தும். அடிப்படை இல்லாத ஊகத்தைவிட அது எவ்வளவோ மேல்.

பிழையைக் கண்டுபிடிக்க ஒரு ஒப்பீடு போதும். பிரேக்கேஜ் சேர்க்காத மாதத் திட்டத்தில், காலாவதியாகாத எல்லா வரிசைகளின் மிச்சத்தையும் அதனதன் மதிப்பால் பெருக்கிக் கூட்டினால், அது ஏட்டிலுள்ள ஒத்திவைத்த வருவாயோடு பொருந்தவேண்டும். பொருந்தாவிட்டால் முதலில் பார்க்கவேண்டியது இலவசமாகத் தந்த கிரெடிட்டுகளை. பணம் வாங்காமல் விளம்பரத்துக்குத் தந்தவற்றுக்கு மதிப்பு பூஜ்யம். கட்டண வரிசையோடு அவை கலந்தால் பொறுப்பு ஊதிவிடும்.

அடுத்துப் பார்க்கவேண்டியது, கிரெடிட் கழித்துத் தொடங்கிய வேலை தோல்வியடைந்ததால் திரும்பிவந்த கிரெடிட்டுகள். 31-ஆம் தேதி இரவு தொடங்கிய வேலை 1-ஆம் தேதி தோல்வியடைந்தால், கிரெடிட் தன் பழைய வரிசைக்கே திரும்பும். அந்த வரிசையோ ஏற்கெனவே காலாவதி. வாடிக்கையாளரிடம் கிரெடிட் இல்லை, வேலையும் நடக்கவில்லை, வருவாய் மட்டும் ஏறியிருக்கும். இப்படித் திரும்புவதற்குச் சில நாள் நீட்டித்த தேதியோடு, அதே மதிப்பில் புதிய வரிசை உருவாக்கி, முன்பு எழுதிய வருவாயைத் திருப்பவேண்டும்.