மிளகுத் துண்டறிக்கை: புத்தகத் தமிழா, தோட்டத் தமிழா?

பண்ணைக்காட்டில் எங்கள் மிளகு விவசாயிகள் குழுவுக்கு வியட்நாமிலிருந்து ஒரு கட்டுத் துண்டறிக்கைகள் வந்தன. டாக் லாக், கியா லாய் மாகாணங்களில் தோட்டக்காரர்களுக்கு விநியோகிக்கும் தாள்கள் அவை. காபியும் மிளகும் பக்கத்துப் பக்கத்தில் விளைகிற மேட்டுநிலம் அது. மிளகு ஏற்றுமதியில் உலகத்திலேயே முதலிடம் வியட்நாமுக்கு என்பதால், அவர்கள் கொடியை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இங்கே எல்லோருக்கும் ஆசை. நான் புவோன் மா துவோட்டில் ஆறு வருடம் காபி வியாபாரத்தில் இருந்தவன், அவர்கள் மொழி படிக்க வரும். அதனால் வேலை என்னிடம் வந்தது.

எனக்கு முன்பே ஒரு மொழிபெயர்ப்பு இருந்தது. ஆங்கிலம் வழியாக வந்த அதன் நடை வேளாண் பாடப்புத்தக நடை. ஒவ்வொரு சொல்லுக்கும் நேரான சொல், ஒவ்வொரு மாதத்துக்கும் அதே மாதம். நான் செய்தது இன்னொன்று. மூலத்தையே வைத்துக்கொண்டு தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கம் புழங்குகிற சொற்களில் எழுதினேன். இரண்டையும் ஒரு பருவம் முழுக்கத் தோட்டங்களில் கொடுத்துப் பார்த்தாயிற்று. என் சாய்வு எந்தப் பக்கம் என்று மறைக்கப் போவதில்லை. இரண்டாவதுதான் சரி. ஆனால் முதலாவது ஜெயிக்கிற ஒரு இடம் உண்டு, அதையும் சொல்கிறேன்.

கருவிப் பெயர்களில் பெரிய வித்தியாசம் இல்லை. மண்வெட்டி என்றாலும் மம்பட்டி என்றாலும் எல்லோருக்கும் புரியும். கவாத்து, மூடாக்கு, தொழு உரம் எல்லாம் ஏற்கெனவே நம் வாயில் இருக்கிற சொற்கள். பயிர்ப் பகுதிகளின் பெயரில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். மிளகுத் தூரிலிருந்து கிளம்பித் தரையில் ஓடும் கொடிக்கு வியட்நாமியர் வைத்திருக்கும் பெயரைச் சொல்லுக்குச் சொல் எழுதினால் 'விலாங்குக் கொடி' என்று வரும். ஈர மண்ணில் விலாங்கு நெளிவதுபோல் அது போவதால் அந்தப் பெயர். புத்தகத் தமிழ் அதை 'ஊர்ந்து பரவும் தண்டு' என்றது. நான் 'தூரிலிருந்து தரையில் ஓடும் கொடி' என்று எழுதினேன். படித்த பெண் ஒருவர் உடனே குனிந்து ஒன்றைப் பிடித்து இழுத்து, "இதுதானே?" என்றார். அதுவேதான்.

இனி பருவத்துக்கு வருகிறேன். எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது இதுதான்.

அந்தக் கட்டில் முக்கியமான தாள், மிளகுக் கொடி திடீரென வாடிச் சாகும் நோயைப் பற்றியது. வியட்நாமில் அதற்கு 'வேகச் சாவு' என்றே பெயர். ஃபைட்டோஃப்தோரா என்ற கிருமியால் வருவது. தூர் கறுத்து அழுகும், இலையில் நீர் கோத்த கரும்புள்ளி விழும், இரண்டு மூன்று வாரத்தில் கொடி இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கும். இந்தக் கிருமியின் வித்து தண்ணீரில் நீந்திப் போகக்கூடியது. தூரைச் சுற்றித் தண்ணீர் நின்றால் ஒரு கொடியிலிருந்து அடுத்த கொடிக்குப் போய்விடும். ஆகவே அந்தத் தாளின் சாரம் மூன்றே வேலைகள். மழைக்கு முன் வடிகால் வாய்க்காலைத் திறந்து, தரையில் ஓடும் கொடிகளை அறுத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் தூரில் மருந்து ஊற்ற வேண்டும். மழை முடிந்ததும் வாய்க்காலை அடைத்து, தூரைச் சுற்றிப் பாத்தி கட்டி, மூடாக்குப் போட்டு ஈரத்தைக் காப்பாற்ற வேண்டும்.

வியட்நாம் மேட்டுநிலத்தில் மழைக்காலம் மே மாதம் தொடங்கி அக்டோபரில் முடியும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வறட்சி. அந்தக் கணக்கில் 'அக்டோபர் கடைசியில் வாய்க்காலை அடை, பாத்தி கட்டு' என்பது நல்ல யோசனை. முதல் மொழிபெயர்ப்பில் அது அப்படியே 'அக்டோபர் இறுதியில்' என்று வந்திருந்தது. இலக்கணப்படி ஒரு பிழையும் கிடையாது.

என் சித்தப்பா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏன்டா தம்பி, ஐப்பசியில வாய்க்காலை மூடச் சொல்லுது இது. அடைமழை இறங்குற நேரத்துல எவனாவது மூடுவானா?"

விஷயம் அதுதான். கீழ்ப்பழனி மலைக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும். அவர்களுடைய மழை முடிகிற நேரத்தில் நம்முடைய மழை ஆரம்பிக்கிறது. அந்தத் தாளை நம்பி ஒருவர் அக்டோபர் கடைசியில் தூரைச் சுற்றிக் கிண்ணம்போல் பாத்தி கட்டினால், அடுத்த ஆறு வாரம் அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் நிற்கும். நோயைத் தடுக்க வந்த தாளே நோய்க்கு வாசல் திறந்துவிடும். சித்தப்பா போன்றவர்கள் தாளைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், தப்பித்துக்கொள்வார்கள். புதிதாகத் தோட்டம் வாங்கி வந்தவர்கள் செய்துவிடுவார்கள்.

என் முதல் வரைவிலும் இதே தப்பு வேறு உருவத்தில் இருந்தது. ஆங்கில மாதத்துக்குப் பதில் தமிழ் மாதம் போட்டால் போதும் என்று நினைத்து மேயைச் சித்திரை-வைகாசி ஆக்கினேன், அக்டோபரைப் புரட்டாசி-ஐப்பசி ஆக்கினேன். பேச்சு நம் ஊர்ப் பேச்சு, மழை அவர்கள் ஊர் மழை. சொல்லை மட்டும் உள்ளூராக்கினால் ஆபத்து இன்னும் கூடுகிறது. 'அக்டோபர்' என்று அந்நியமாக இருந்தால் ஒருவர் சந்தேகப்பட்டாவது பார்ப்பார். 'ஐப்பசி' என்று எழுதியிருந்தால் நம்மவர் யாரோ தெரிந்து எழுதியிருக்கிறார் என்று நம்பிவிடுவார்.

அதனால் மாதத்தைப் பெயர்ப்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வேலையும் எந்த மழைக்காக என்று கேட்டேன். 'மழைக்கு முன்' என்பது இங்கே புரட்டாசி. 'மழை முடிந்ததும்' என்பது மார்கழிக் கடைசி, தை. அப்புறம் நமக்குச் சித்திரையில் கோடை மழையும் உண்டு, ஆனி ஆடியில் சாரலும் உண்டு. வியட்நாம் தாளில் மழைத் தொடக்கம் ஒருமுறைதான் வரும், நமக்கு இரண்டு தடவை. ஆகவே வாய்க்கால் பார்க்கும் வேலையைச் சித்திரை மழைக்குப் பிறகு ஒரு தடவை லேசாகவும், புரட்டாசியில் முழுசாகவும் என்று இரண்டாகப் பிரித்தேன். இது மூலத்தில் இல்லாத வரி. மொழிபெயர்ப்பாளன் இதைச் செய்யலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். குழுவில் மூன்று பேரிடம் வாசித்துக் காட்டி, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் சேர்த்தேன்.

மாதத்தோடு மண்ணில் தெரியும் அடையாளம் ஒன்றையும் சேர்த்தேன். மழை எல்லா வருடமும் ஒரே தேதியில் நிற்பதில்லையே. இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: "மார்கழி போய், தூரிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு சாண் ஆழம் தோண்டினால் குழியில் தண்ணீர் ஊறாமல் இருக்கும்போது வாய்க்காலை அடைத்து மூடாக்குப் போடுங்கள்." மழை தை வரை இழுத்த வருடத்திலும் இது பொய்க்காது, தாளைத் திருத்தி மறுபடி அச்சடிக்கவும் வேண்டாம். புத்தகத் தமிழ்த் தாளில் தேதிகளை எத்தனை முறை திருத்தினாலும் அடுத்த மழை தப்பிப் பெய்தால் திரும்பவும் தவறாகும்.

வியட்நாம் தாளில் சில இடத்தில் மாதம் சந்திரக் கணக்கில் இருக்கும். 'சந்திரக் கணக்கின் 5-ஆம் மாதம்' என்றால் ஏறக்குறைய ஜூன். அதை மே என்று எடுத்தாலும் தப்பு, நம் ஐந்தாம் மாதம் ஆவணி என்று எடுத்தாலும் தப்பு.

அளவுகளிலும் இதே கவனம் வேண்டும், ஆனால் அங்கே தீர்வு சுலபம். அவர்கள் நிலத்தை 'ஸாவ்' கணக்கில் சொல்வார்கள். வடக்கே ஒரு ஸாவ் 360 சதுர மீட்டர், நடுப்பகுதியில் 500, மேட்டுநிலத்தில் 1000. ஒரு ஸாவுக்கு 50 கிலோ சுண்ணாம்பு என்று வைத்துக்கொள்வோம். மேட்டுநில ஸாவ் நம் 25 சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு, எனவே ஏக்கருக்கு 200 கிலோ. அதையே வடக்கத்தி ஸாவாக எடுத்தால் ஏக்கருக்கு 560 கிலோ ஆகிவிடும். தாளில் எந்த மாகாணத்தின் பெயர் இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது. இன்னொன்று, மருந்து 'தூணுக்கு 5 லிட்டர்' என்று இருக்கும். அவர்கள் கான்கிரீட் தூணிலும் மிளகு ஏற்றுகிறார்கள், ஒரு தூணில் இரண்டு மூன்று கொடி இருக்கலாம். 'கொடிக்கு 5 லிட்டர்' என்று எழுதினால் அளவு இரண்டு மூன்று மடங்காகும். நமக்குச் சரியான சொல் 'மரத்துக்கு'. சில்வர் ஓக்கோ கல்யாண முருங்கையோ, கொடி ஏறியிருக்கும் மரத்துக்கு.

புத்தகத் தமிழ் ஜெயிக்கும் இடம் மருந்துப் பெயர். நான் முதலில் தாமிர மருந்தையெல்லாம் 'மயில்துத்தம்' என்று எழுதினேன், எல்லோருக்கும் தெரிந்த சொல்லாயிற்றே என்று. மூலத்தில் இருந்தது காப்பர் ஆக்சிகுளோரைடு. மயில்துத்தம் என்றால் தாமிர சல்பேட். அதைச் சுண்ணாம்பு சேர்க்காமல் கரைத்து அடித்தால் இலை கருகிவிடும். அந்த வரியை வாபஸ் வாங்கினேன். மருந்துக்குப் பெட்டியில் இருக்கும் பெயர்தான், தமிழ் எழுத்தில், ஒரு எழுத்து மாறாமல். அளவும் டேங்க் கணக்கில் வேண்டாம், அவர்கள் டேங்க்கும் நம் டேங்க்கும் ஒரே கொள்ளளவாக இருக்காது. லிட்டருக்கு இத்தனை கிராம் என்று எழுதினால் யாரும் தன் டேங்க்குக்குப் பெருக்கிக்கொள்வார். அங்கே மிளகுக்கு அனுமதித்த மருந்து இங்கே மிளகுக்கு அனுமதித்ததாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. அதனால் லேபிளில் மிளகு என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி ஒரு வரி தனியாகச் சேர்த்திருக்கிறேன்.

நோய்ப் பெயருக்கு இரண்டும் வேண்டும். 'துரித வாடல்' என்ற பெயரைத் தலைப்பில் விட்டுவைத்தேன், தோட்டக்கலை அலுவலகத்தில் போய்ச் சொல்ல அது உதவும். கீழே, தூர் கறுப்பதையும் இலை உதிர்வதையும் பேச்சில் எழுதினேன். மெதுவாக மஞ்சளாகி ஒரு வருடம் இரண்டு வருடம் இழுத்துச் சாகும் கொடி வேறு நோய், அதில் வேரில் நூற்புழு முடிச்சு தெரியும் என்பதையும் பக்கத்திலேயே போட்டேன். பெயர் தெரிந்தும் நோயை மாற்றிப் பிடிப்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

என் அனுபவம் மிளகோடும் கொஞ்சம் காபியோடும் சரி. தேயிலைத் தாள் எதையும் நான் தொட்டதில்லை. நீலகிரியிலிருந்து இரண்டு பேர் இந்தத் தாளை அப்படியே கேட்டார்கள். கூடலூர்ப் பக்கம் தென்மேற்கு மழைதான் பெரிய மழை, ஜூனில் பிடித்துக்கொள்ளும். அவர்களுக்கு வியட்நாம் தாளின் மாதங்கள் நம்மைவிட நன்றாகப் பொருந்தும். கோத்தகிரிக்கு வடகிழக்கு மழை, எங்கள் கணக்கு. அதனால் மாதம் வரும் நான்கு இடத்திலும் கோடு மட்டும் விட்டு ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். அடையாளத்தைச் சொல்லும் வரிகள் அப்படியே இருக்கின்றன. மாதத்தை அவர்கள் நிரப்பி அனுப்பட்டும்.