மூன்று நாணயங்கள், நான்கு நண்பர்கள்: பயணச் செலவைப் பிரிக்க ஸ்பிளிட்வைஸா, ட்ரைகவுண்டா, கூகுள் ஷீட்ஸா?

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்து, அங்கிருந்து பேருந்தில் மலாக்காவுக்கும் கோலாலம்பூருக்கும் சென்று திரும்பும் ஒரு வாரப் பயணத்தில் ரூபாய், சிங்கப்பூர் டாலர், ரிங்கிட் என மூன்று நாணயங்களில் பணம் கரைகிறது. செலவைக் குறித்து வைப்பது எந்தச் செயலியிலும் எளிதுதான். ஊர் திரும்பிய பிறகு எல்லாவற்றையும் ரூபாயாக்கி, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில்தான் செயலிகள் வேறுபடுகின்றன. எந்த மாற்று விகிதத்தை வைத்துக் கணக்கிடுவது என்ற கேள்விக்கு அவை வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. நட்பில் மனத்தாங்கல் எழுவதும் அங்கேதான். ஆகவே ஒரே கணக்கை மூன்று வழிகளிலும் போட்டுப் பார்க்கிறேன்.

கணக்கு இதுதான். நால்வரும் சமமாகப் பகிர்கிறோம். விமான டிக்கெட் நால்வருக்கும் சேர்த்து 72,000 ரூபாயை நான் கட்டினேன். சிங்கப்பூர் விடுதிக்கான 600 டாலரைக் கோவை நண்பர் தம் கடன் அட்டையில் செலுத்தினார். மலேசியாவில் விடுதி, பேருந்து, சாப்பாடு என 1,200 ரிங்கிட்டை மதுரை நண்பர் ரொக்கமாகக் கொடுத்தார். சிங்கப்பூரில் உணவுக்கும் ரயிலுக்குமான 240 டாலரைத் திருச்சி நண்பர் தம் ஃபாரெக்ஸ் அட்டையிலிருந்து கட்டினார். கணக்கு எளிதாகப் புரிவதற்காகச் சந்தை விகிதத்தை டாலருக்கு 65 ரூபாய், ரிங்கிட்டுக்கு 19 ரூபாய் என முழு எண்களாக வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஸ்பிளிட்வைஸ். நம்மூரில் ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே பயன்படுத்துவது இதுதான் என்பதால், பயணத்துக்கும் இதையே திறக்கிறார்கள். எந்த நாணயத்தில் வேண்டுமானாலும் செலவைப் பதியலாம். ஆனால் பதிந்தவற்றை ஒரே நாணயமாக மாற்றும் வசதி கட்டணச் சந்தாவில் மட்டுமே உண்டு. இலவசப் பதிப்பு ஒவ்வொரு நாணயத்துக்கும் தனித்தனிப் பேரேடு வைக்கிறது. மேலே சொன்ன கணக்கை அதில் இட்டால், ரூபாயில் மற்ற மூவரும் எனக்குத் தலா 18,000 தர வேண்டும் என்று காட்டும். அதே திரையில் நான் கோவை நண்பருக்கு 150 டாலரும், திருச்சி நண்பருக்கு 60 டாலரும், மதுரை நண்பருக்கு 300 ரிங்கிட்டும் தர வேண்டியவனாக இருப்பேன். கடன்களைச் சுருக்கும் வசதியை இயக்கினாலும் சுருக்கம் அந்தந்த நாணயத்துக்குள்தான் நடக்கும். ரூபாயில் மூன்று, டாலரில் மூன்று, ரிங்கிட்டில் மூன்று என ஒன்பது பரிமாற்றங்கள் மிஞ்சும். ஊர் திரும்பியவர்களிடம் டாலரும் ரிங்கிட்டும் ஏது? எனவே அந்த ஆறு வரிகளையும் யாரோ ஒருவர் கையால் ரூபாயாக்க வேண்டியிருக்கிறது. எந்த விகிதத்தில் என்ற பேச்சு அங்கே தொடங்குகிறது.

நாணயத்துக்கு நாணயம் தீர்ப்பது தவறான முறை என்று நான் சொல்ல மாட்டேன். சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒருவரும் சென்னையிலிருந்து செல்லும் மூவரும் சேர்ந்து பயணம் போனால், அவருக்கு டாலராகவே திருப்பித் தருவதுதான் நியாயம். அவர் செலவழித்ததும் சம்பாதிப்பதும் டாலர் என்பதால் விகிதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லோரும் ஒரே நாட்டுக்குத் திரும்புகிறவர்கள் என்றால்தான் இந்த முறை வீண் அலைச்சலாகிறது.

சந்தா கட்டிச் செயலியின் மாற்று வசதியைப் பயன்படுத்தினால் ஒன்பது வரிகள் மூன்றாகக் குறையும். மொத்தம் 1,49,400 ரூபாய், தலைக்கு 37,350. பார்க்கத் தெளிவாக இருந்தாலும் இது சந்தை விகிதத்தில் வந்த எண். சந்தை விகிதம் என்பது நாணயச் சந்தையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் நிற்கும் விலை; நம் நால்வரில் யாருக்கும் அந்த விலையில் டாலர் கிடைக்கவில்லை. கோவை நண்பரின் வங்கி வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் மார்க்கப் கட்டணம் பிடிக்கிறது, அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்து 4.13 சதவீதம். ஆகவே 39,000 ரூபாய் என்று செயலி சொல்லும் விடுதிக் கட்டணத்துக்கு அவர் கணக்கிலிருந்து உண்மையில் போனது 40,611 ரூபாய். மதுரை நண்பர் சென்னையில் மணி சேஞ்சரிடம் ரிங்கிட்டை 19.60 ரூபாய்க்கு வாங்கினார். அவருக்கு 1,200 ரிங்கிட்டின் அடக்க விலை 23,520. திருச்சி நண்பரின் ஃபாரெக்ஸ் அட்டையில் டாலர் 66 ரூபாய்க்கு ஏற்றப்பட்டது. 240 டாலருக்கு 15,840 ரூபாய். உண்மையில் கையைவிட்டுப் போன தொகையைக் கூட்டினால் 1,51,971 ரூபாய் வருகிறது, தலைக்கு 37,992.75.

| நண்பர் | சந்தை விகிதத்தில் | உண்மை அடக்கத்தில் |
|---|---|---|
| நான் | +34,650 | +34,007.25 |
| கோவை | +1,650 | +2,618.25 |
| மதுரை | −14,550 | −14,472.75 |
| திருச்சி | −21,750 | −22,152.75 |

கூட்டல் குறி பெற வேண்டியதையும், கழித்தல் குறி தர வேண்டியதையும் காட்டுகிறது. இரு பத்திகளுக்கும் உள்ள வேறுபாட்டில் அதிகம் பாதிக்கப்படுகிறவர் கோவை நண்பர்தான்: 968 ரூபாய். எல்லோருக்காகவும் அட்டையை நீட்டியவர் அதற்காகத் தனியே நஷ்டப்படுவதை நான் ஏற்க மாட்டேன். "உன் அட்டையில் போட்டுவிடு" என்று குழு சொல்லியிருந்தால் அந்த அட்டையின் கட்டணமும் குழுவுடையதே. மார்க்கப் இல்லாத அட்டை ஒருவரிடம் இருக்க, மற்றொருவர் தமக்கு வெகுமதிப் புள்ளிகள் சேர்வதற்காகத் தம் அட்டையை முன்வைத்தால் மட்டும் அந்தக் கட்டணத்தை அவரே ஏற்பதுதான் சரி. இதைப் பயணத்துக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

இந்த அடக்க விலை முறைக்கு ட்ரைகவுண்ட் நன்றாகப் பொருந்துகிறது. பெல்ஜியத்தில் உருவாகி, 2022இல் நெதர்லாந்தின் பங்க் வங்கியின் கைக்குப் போன செயலி இது. குழுவைத் தொடங்கும்போதே ஒரு நாணயத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். வேறு நாணயத்தில் செலவைப் பதிந்தால் அது அந்த அடிப்படை நாணயத்துக்கு மாற்றப்படுகிறது. செயலி காட்டும் விகிதத்தை நாமே திருத்தலாம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மதுரை நண்பர் தம் ரிங்கிட் செலவுகளுக்கெல்லாம் 19.60 என்று இட்டுவிட்டால் அவர் கணக்கு சரியாகிவிடும். இதன் குறை, ஒவ்வொரு பதிவிலும் விகிதத்தைத் திருத்த யாராவது நினைவு வைத்திருக்க வேண்டும் என்பது. மறந்த பதிவுகள் சந்தை விகிதத்திலேயே தங்கிவிடும், அவை பார்வைக்குத் தனியாகத் தெரிவதும் இல்லை. ஸ்பிளிட்வைஸிலும் சந்தா இல்லாமல் இதே பலனைப் பெற வழி உண்டு: 600 டாலர் என்று பதியாமல் 40,611 ரூபாய் என்றே பதிந்து, டாலர் தொகையைக் குறிப்பில் எழுதிவிடலாம்.

கூகுள் ஷீட்ஸ் இவை இரண்டையும்விட உழைப்புக் கேட்கிறது, ஆனால் எல்லாவற்றையும் கண்முன் காட்டுகிறது. தேதி, கட்டியவர், எதற்கு, தொகை, நாணயம், ரூபாயில் அடக்கம் என ஆறு பத்திகள் போதும். ஆறாவது பத்தி F என்றால், ஒருவருடைய நிலுவை ஒரே வரியில் வந்துவிடும்:

```
=SUMIF(B:B,"கோவை",F:F)-SUM(F:F)/4
```

பலர் இங்கே ஒரு தவறு செய்கிறார்கள். ரூபாய்ப் பத்தியில் `GOOGLEFINANCE("CURRENCY:SGDINR")` என்று இட்டுவிடுகிறார்கள். அது இன்றைய விகிதத்தைத் தரும் சூத்திரம். நாளைக்கு நாளைய விகிதத்தைத் தரும். புதிய செலவு எதுவும் பதியாமலே நிலுவைகள் நேற்றைக்கு இன்று சில பத்து ரூபாய் மாறியிருந்தால் காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்லலாம். பணம் கொடுத்து முடித்த பிறகும் ஷீட் புதிய கடனைக் காட்டிக்கொண்டிருக்கும். அடக்க விலை தெரியாத செலவுக்கு, செலவு நடந்த தேதியைக் குறிப்பிட்டு அன்றைய விகிதத்தை எடுக்க வேண்டும்:

```
=INDEX(GOOGLEFINANCE("CURRENCY:SGDINR","price",DATE(2025,1,14)),2,2)
```

வந்த எண்ணை நகலெடுத்து, சூத்திரம் நீங்கி மதிப்பு மட்டும் நிற்கும்படி ஒட்டிவிட்டால் அது பிறகு அசையாது.

எந்தக் கருவியானாலும், அடக்க விலை எப்போது உறுதியாகிறது என்பதில் கவனம் வேண்டும். அட்டையைத் தேய்த்ததும் வரும் குறுஞ்செய்தித் தொகை இறுதியானதன்று. சில நாள் கழித்து வங்கி கணக்கில் ஏற்றும்போது விகிதம் சற்று மாறியிருக்கலாம். மார்க்கப்பும் ஜிஎஸ்டியும் ஸ்டேட்மென்டில் தனி வரிகளாக வரலாம். அந்த வரிகளைச் சேர்த்த பிறகே தொகையை எழுத வேண்டும். விடுதியில் முன்பணமாகப் பிடித்துவைத்துப் பிறகு விடுவிக்கும் தொகையைச் செலவாகப் பதியவே கூடாது. கடைக்காரர் இயந்திரத்தை நீட்டி ரூபாயிலா உள்ளூர் நாணயத்திலா என்று கேட்டால் உள்ளூர் நாணயத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ரூபாய் என்றால் அந்த மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது நம் வங்கி அன்று, பெரும்பாலும் அது நமக்குப் பாதகமாகவே இருக்கும்.

ரொக்கத்தில் மிச்சம் என்ற ஒரு சிக்கலும் உண்டு. மதுரை நண்பர் உண்மையில் 29,400 ரூபாய்க்கு 1,500 ரிங்கிட் வாங்கியிருந்தார். 300 ரிங்கிட் மிஞ்சியது. எங்கள் கணக்கில் அவர் அதைத் தம்மிடமே வைத்துக்கொண்டதால் 1,200 மட்டும் ஏறியது. குழு கேட்டுக்கொண்டதற்காக அவர் கூடுதலாக வாங்கியிருந்து, மீதியை மணி சேஞ்சரிடம் 18 ரூபாய்க்குத் திருப்பி விற்றிருந்தால், ரிங்கிட்டுக்கு 1.60 வீதம் 480 ரூபாய் இழப்பையும் பொதுச் செலவாகப் பதிந்திருக்க வேண்டும்.

தீர்க்கும் முறையில் மூன்று கருவிகளும் ஏறக்குறைய ஒன்றே. நிலுவைகளின் கூட்டுத்தொகை சுழியமாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ ஒரு பங்கு விடுபட்டிருக்கிறது. பிறகு, அதிகம் தர வேண்டியவர் அதிகம் பெற வேண்டியவருக்குக் கொடுக்கிறார். திருச்சி நண்பர் எனக்கு 22,152.75; மதுரை நண்பர் எனக்கு 11,854.50, கோவை நண்பருக்கு 2,618.25. நான்கு பேருக்கு மூன்று பரிமாற்றங்களுக்கு மேல் ஒருபோதும் தேவைப்படாது. ஷீட்டில் இதை நாமே கையால் பொருத்த வேண்டும். நான்கைந்து பேர் என்றால் இரண்டு நிமிட வேலை, பத்துப் பேர் என்றால் செயலியிடம் விடுவதே மேல்.

நாலைந்து பேர் கொண்ட, அனைவரும் இந்தியாவுக்கே திரும்பும் குழுவுக்கு நான் ட்ரைகவுண்டைப் பரிந்துரைப்பேன், விகிதத்தைத் திருத்தும் பொறுப்பை ஒருவர் ஏற்பார் என்றால். அப்படி யாரும் இல்லையென்றால் ஷீட்ஸ். வெவ்வேறு நாடுகளில் வாழ்பவர்கள் சேரும் குழுவுக்கு ஸ்பிளிட்வைஸின் இலவசப் பதிப்பே பொருத்தம். எதுவானாலும், யூபிஐயில் பணம் அனுப்பியதும் அதையும் அதே ஏட்டில் பரிமாற்றமாகப் பதிந்து, நால்வரின் நிலுவையும் சுழியத்துக்கு வந்ததைப் பார்த்த பிறகே குழுவை மூட வேண்டும்.